சாளரம் எப்போது மூடியிருந்தது? பல் ஓட்ட அணுகுமுறை வினாவுக்கு விடை எழுதிய அனுபவம்

இடைத்தவணைப் பரீட்சையில் இந்த வினாவுக்கு எனக்கு 25இல் 11 புள்ளிகள்தான் கிடைத்தன. வினா நேரடியானது. அரசாங்கம் எந்த விடயங்களைக் கவனத்துக்கு எடுக்கிறது என்பதை, அதாவது நிகழ்ச்சி நிரல் அமைத்தலை, விளக்குவதில் பல் ஓட்ட அணுகுமுறை எவ்வளவு தூரம் உதவுகிறது என்பதை இலங்கை உதாரணம் ஒன்றின் துணையுடன் ஆராய வேண்டும். நான் பிரச்சினை ஓட்டம் என்று தலைப்பிட்டு ஒரு பக்கம், கொள்கை ஓட்டம் என்று ஒரு பக்கம், அரசியல் ஓட்டம் என்று ஒரு பக்கம் எழுதினேன். உதாரணத்துக்கு மீத்தொட்டமுல்ல குப்பைமேட்டுச் சரிவை எடுத்துக்கொண்டு, "2017இல் வாய்ப்புச் சாளரம் திறந்தது" என்று முடித்தேன். மூன்று ஓட்டங்களும் ஒன்றுசேரும் தருணத்தைத்தான் இந்த அணுகுமுறை வாய்ப்புச் சாளரம் என்கிறது. திரும்பி வந்த விடைத்தாளின் ஓரத்தில் விரிவுரையாளர் பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தார்: "திறந்தது என்கிறீர்கள். அதற்கு முன் மூடியிருந்தது என்பதற்கு என்ன சான்று?"

அந்த வரிக்குப் பதில் தேடியதில்தான் இந்தப் பாடம் எனக்குப் புரிந்தது. இறுதிப் பரீட்சைக்கு இதே பகுதியைப் படிப்பவர்களுக்கு உதவும் என்பதால், எப்படித் தேடினேன் என்பதை விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த அணுகுமுறையை முன்வைத்த அமெரிக்க அரசறிவியலாளர் ஜோன் கிங்டன் 1970களின் பிற்பகுதியில் வாஷிங்டனில் சுகாதாரம், போக்குவரத்து ஆகிய இரு துறைகளைச் சேர்ந்தவர்களிடம் 247 நேர்காணல்களை நடத்தி, 1984இல் தன் முடிவுகளை வெளியிட்டார். ஒரு யோசனை பல வருடங்கள் கிடப்பில் கிடந்துவிட்டு, ஒரு குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் ஏன் எல்லோர் வாயிலும் வருகிறது என்பதே அவருடைய கேள்வி. மூன்று ஓட்டங்களின் பெயர்களை எல்லோரும் மனனம் செய்துவிடுகிறோம். அவை பெரும்பாலும் ஒன்றையொன்று சாராமல் ஓடுகின்றன என்று அவர் சொன்னதைத்தான் விட்டுவிடுகிறோம். பிரச்சினை வந்த பிறகு அதற்குத் தீர்வு தேடப்படுகிறது என்று நாம் இயல்பாக நினைக்கிறோம். கிங்டனின் பார்வையில் தீர்வு பெரும்பாலும் முன்பே பிறந்துவிடுகிறது. தன்னை ஒட்டிக்கொள்ள ஒரு பிரச்சினையும், தன்னை ஏற்கக்கூடிய ஓர் ஆட்சியும் வரும்வரை அது காத்திருக்கிறது. ஆகவே நீங்கள் தெரிவு செய்யும் உதாரணத்தில், தீர்வு தனியே வாழ்ந்த காலத்தைக் காட்ட முடிய வேண்டும். மீத்தொட்டமுல்லவை வைத்து நான் எழுதிய விடையில் அந்தக் காலமே இல்லை.

கொழும்பு பொது நூலகத்தில் ஒரு சனிக்கிழமை முழுவதும் உட்கார்ந்து, பழைய நாட்காட்டித் தாளொன்றின் பின்புறத்தில் கட்டம் போட்டேன். மேலே வருடங்கள், இடப்பக்கத்தில் மூன்று ஓட்டங்கள். பல சட்டங்களை அந்தக் கட்டத்தில் போட்டுப் பார்த்தேன். முழுமையாகப் பொருந்தியது தகவல் அறியும் உரிமைச் சட்டம். காரணம் எளிமையானது: ஏறத்தாழ ஒரே யோசனை பல தடவை கதவைத் தட்டி, ஒரே ஒரு தடவைதான் உள்ளே போனது.

முதல் நிரல் 2004. அதற்கு முன்பே, 1998இல், பத்திரிகைத் துறையினர் ஊடக சுதந்திரம் பற்றிய கொழும்புப் பிரகடனத்தில் இப்படியொரு சட்டத்தைக் கேட்டிருந்தார்கள். அடுத்து வந்த ஐக்கிய தேசிய முன்னணி அரசாங்கத்தின் காலத்தில் சட்டமூலம் வரையப்பட்டு, அமைச்சரவையின் அங்கீகாரமும் கிடைத்தது. தீர்வு தயாராகிவிட்டது. ஆனால் ஜனாதிபதி ஒரு கட்சி, பிரதமர் இன்னொரு கட்சி. 2004 பெப்ரவரியில் பாராளுமன்றம் கலைக்கப்பட, சட்டமூலமும் அத்துடன் போனது. கட்டத்தில் கொள்கை ஓட்டத்துக்கு நேரே "தயார்" என்றும், அரசியல் ஓட்டத்துக்கு நேரே "உடைந்தது" என்றும் எழுதினேன்.

இரண்டாவது நிரல் 2005. காலிமுகத்திடலைத் தனியார் நிறுவனமொன்றிடம் ஒப்படைக்கும் ஏற்பாடு குறித்துச் சுற்றாடல் அமைப்பொன்று நகர அபிவிருத்தி அதிகார சபையிடம் தகவல் கேட்டது, தகவல் கிடைக்கவில்லை. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பேச்சு, கருத்து வெளிப்பாட்டுச் சுதந்திரத்தைச் சொல்லும் 14(1)(அ) உறுப்புரைக்குள் தகவல் பெறும் உரிமையும் அடங்கும் என்று நீதிமன்றம் கருதியது. பரீட்சைக்கு இந்த நிரல் மிகவும் பயன்படும். 1998இல் இந்தத் தீர்வு ஊடக சுதந்திரம் என்ற பிரச்சினையோடு ஒட்டியிருந்தது. 2005இல் அதே தீர்வு, பொதுமக்கள் பட்டம் விடும் ஒரு புல்வெளியோடு வந்து ஒட்டியது. ஒரு தீர்வு பிரச்சினைகளை மாற்றிக்கொண்டே போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உள்ளூர்ச் சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

மூன்றாவது நிரல் 2011. எதிர்க்கட்சியிலிருந்த கரு ஜயசூரிய தனிநபர் சட்டமூலமாக இதைக் கொண்டுவந்தார். ஜூன் மாதத்தில் அது பாராளுமன்றத்தில் தோற்கடிக்கப்பட்டது. அதற்குள் இந்தியாவில் 2005இலும், நேபாளத்தில் 2007இலும், பங்களாதேஷில் 2009இலும் இத்தகைய சட்டங்கள் வந்துவிட்டன. இது சாத்தியமா என்று கேட்க இனி இடமில்லை. நடைமுறைச் சாத்தியமும் விழுமிய ஏற்பும்தான் ஒரு யோசனையை உயிரோடு வைத்திருக்கும் அளவுகோல்கள் என்று கிங்டன் சொல்வார். இரண்டும் 2011இல் இருந்தன. ஆனால் ஆளும் கூட்டணி, ஜனாதிபதியின் அதிகாரத்தைக் கூட்டிய 18ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தை முந்தைய செப்டெம்பரில் மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு நிறைவேற்றியிருந்த கூட்டணி. சாளரம் மூடியிருந்தது என்பதற்கு விரிவுரையாளர் கேட்ட சான்று இந்த நிரலில் இருக்கிறது: தீர்வு இருந்தது, அதைத் தூக்கிச் செல்ல ஆளும் இருந்தார், இருந்தும் நடக்கவில்லை.

நான்காவது நிரலுக்கு வந்தபோது எழுதுவதற்கு அதிகம் தேவைப்படவில்லை. 2015 ஜனவரி 8 தேர்தலில் ஆட்சி மாறியது. ஊழலும் நல்லாட்சியும் பிரசாரத்தின் மையமாக இருந்ததால், பழைய தீர்வு இம்முறை ஊழல் என்ற பிரச்சினையோடு இணைந்து, 100 நாள் வேலைத்திட்டத்துக்குள் வந்தது. ஏப்ரல் 28இல் நிறைவேறிய 19ஆவது திருத்தம் 14அ உறுப்புரையாக அதை அடிப்படை உரிமையாக்கியது.

பலர் இந்த இடத்தில் விடையை முடித்துவிடுவார்கள். நானும் முடித்திருப்பேன். எங்கள் வகுப்பில் அரசாங்க சேவையில் நீண்ட காலம் இருந்த ஓர் அக்கா படித்தார். என் கட்டத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "தம்பி, உரிமை வந்தது சரி. சட்டம் எங்கே? பேசப்படும் விடயங்களின் பட்டியல் வேறு, முடிவெடுக்கக் காத்திருக்கும் விடயங்களின் பட்டியல் வேறு. அமைச்சரவைப் பத்திரம் போனால்தானே இரண்டாவது?"

கிங்டன் அரசாங்க நிகழ்ச்சி நிரலையும் முடிவு நிகழ்ச்சி நிரலையும் பிரித்தது இதற்காகத்தான். 100 நாட்களுக்குள் சட்டம் வரவில்லை. 2015 ஜூனில் பாராளுமன்றம் மறுபடியும் கலைந்தது. 2004இல் நடந்ததுதான் திரும்பவும் நடந்தது, ஆனால் விளைவு வேறு. இம்முறை உரிமை அரசியலமைப்புக்குள் போயிருந்தது. ஓகஸ்ட் தேர்தலில் அதே தரப்பு திரும்பி வந்தது. சட்டமூலம் 2016 ஜூன் 24இல் நிறைவேறி, 2017 பெப்ரவரி 3இல் நடைமுறைக்கு வந்தது. நிகழ்ச்சி நிரலுக்கான சாளரத்தையும் முடிவுக்கான சாளரத்தையும் பிற்கால ஆய்வாளர்கள் தனித்தனியாகக் காட்டுவதுண்டு. 2015 ஜனவரி ஆட்சி மாற்றத்திலிருந்து 2016 ஜூன் வரையான இந்தப் பதினேழு மாத இடைவெளியை எழுதினால் அந்த வேறுபாட்டை நீங்கள் வரைவிலக்கணமாக ஒப்புவிக்க வேண்டியதில்லை.

ஒரு தீர்வை விடாமல் முன்னெடுத்துச் செல்பவரான கொள்கை முயற்சியாளர் பற்றிய பகுதியைத் தனித் தலைப்பில் எழுதாதீர்கள். 2011இல் தோற்ற சட்டமூலத்தின் உரிமையாளர், 2016இல் சபாநாயகர் ஆசனத்தில் இருந்தார். சட்டத்தில் சான்றுரைக் கையொப்பமிட்டவரும் அவரே. விடாப்பிடி, அணுகும் வாய்ப்பு, தருணம் பார்த்து இணைக்கும் திறன் ஆகியவற்றைக் கிங்டன் சொல்கிறார் என்று எழுதுவதைவிட, ஐந்து வருட இடைவெளியில் அதே மனிதர் எங்கே நின்றார் என்று காட்டுவது பலமானது. ஆனால் சட்டத்தை அவர் ஒருவரே கொண்டுவந்தார் என்று எழுதிவிட வேண்டாம். 1998 முதல் இதைக் கேட்டுவந்த பத்திரிகையாளர்களும் சட்டத்தரணிகளும் இல்லாவிட்டால் 2011இல் மேசையில் வைக்க வரைவே இருந்திருக்காது.

இப்போது மீத்தொட்டமுல்ல. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தில் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். இது கிங்டன் சொல்லும் கவனம் குவிக்கும் நிகழ்வு. ஆனால் நிகழ்வே சாளரமல்ல. நான் விட்ட பிழை இரண்டையும் ஒன்றாக எண்ணியது. அந்தக் குப்பையை எதிர்த்து அங்குள்ள மக்கள் பல வருடங்களாகப் போராடினார்கள், எனவே பிரச்சினை 2017இல் பிறந்ததல்ல. இந்த உதாரணத்தையே எழுத விரும்பினால், சரிவுக்குப் பிறகு எந்தத் தீர்வு வந்து ஒட்டியது என்று ஒன்றைக் குறிப்பாகப் பிடியுங்கள். அந்த வருடம் செப்டெம்பர் 1இலிருந்து பொலித்தீன் லஞ்ச் ஷீட்டும் ரெஜிபோம் பெட்டியும் தடைசெய்யப்பட்டன. சாப்பாட்டுப் பார்சல் சுற்றும் தாளுக்கும் சரிந்த மேட்டுக்கும் என்ன தொடர்பு, மெல்லிய பொலித்தீனுக்கு முன்பே இருந்த கட்டுப்பாடு ஏன் பலிக்கவில்லை என்று கேட்டுக்கொண்டு போனால் விடை வளரும். உயிரிழப்பின் துயரத்தை மட்டும் எழுதினால் அது பத்திரிகைச் செய்தியாகவே நிற்கும்.

"எவ்வளவு தூரம்" என்று வினா கேட்பதால் எல்லையையும் சொல்ல வேண்டும். நான் இறுதிப் பரீட்சையில் பயன்படுத்தியது தேசிய கணக்காய்வுச் சட்டம். அதே ஆட்சி மாற்றம், அதே நல்லாட்சி வாக்குறுதி, வரைவும் நெடுங்காலமாகப் பேசப்பட்டது. ஆனால் அது 2018 ஜூலையில்தான் நிறைவேறியது. மூன்று ஓட்டங்களும் 2015இல் சந்தித்தன என்றால் இது ஏன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைவிட இரண்டு வருடம் பின்தங்கியது? தவறான கொடுப்பனவுக்கு அதிகாரியிடமிருந்தே பணத்தை மீட்கும் மிகைக்கட்டண ஏற்பாடு அதில் இருந்தது. சட்டத்தால் நேரடியாகப் பாதிக்கப்படுவோர் நிர்வாகத்துக்குள்ளேயே இருந்தார்கள். சாளரம் எப்போது திறக்கும் என்பதைச் சொல்வதில் கிங்டன் வலிமையானவர். திறந்த சாளரத்தின் ஊடாக எது விரைவில் போகும், எது தங்கும் என்பதற்கு நிறுவனங்களையும் அதிகாரிகளின் நலனையும் வேறு கோட்பாடுகளிலிருந்து கொண்டுவர வேண்டியிருக்கிறது.

மூன்று மணித்தியாலத்தில் நான்கு வினாக்கள் என்றால் ஒன்றுக்கு நாற்பத்தைந்து நிமிடம். முதல் ஐந்து நிமிடத்தை அந்தக் கட்டத்துக்கே கொடுத்தேன். விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் நான்கு வருடங்கள், மூன்று வரிசைகள். எந்தக் கட்டம் காலியாக இருக்கிறதோ, அங்கிருந்து எழுதத் தொடங்கினேன்.