மேலே இருந்த அந்த 8

"தேதி எதையும் மாத்தலையே அக்கா, அப்புறம் எப்படி இது பொய்யாகும்?"

தன் ரெஸ்யூமைப் பற்றி அவள் கேட்டபோது, "பொய்னு சொல்லல, படிக்கிறவங்க வேற மாதிரி புரிஞ்சுக்குவாங்க" என்றேன். சொன்ன நேரத்தில் நல்ல பதிலாகத்தான் தோன்றியது. இப்போது நினைத்தால், பதில் சொல்லாமல் நழுவியதற்கு அது இன்னொரு பெயர் என்று படுகிறது.

நாங்கள் இருவரும் ஒரே இடத்தில் கணக்குப் பிரிவில் இருந்தவர்கள். அவள் என்னிடம்தான் வேலை கற்றுக்கொண்டாள். ஜூன் 2016இல் சேர்ந்து பிப்ரவரி 2021இல் விலகினாள். அப்பாவுக்குப் பக்கவாதம், பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. நவம்பர் 2022இல் இன்னொரு நிறுவனத்தில் சேர்ந்தாள். நடுவில் 20 மாதம். அதற்கு இரண்டு ஆண்டு கழித்து, அங்கிருந்து மாறலாம் என்று ரெஸ்யூமைத் தூசி தட்டும்போது எனக்கு அனுப்பினாள்.

அதில் 2016–2021 என்று ஒரு வேலை, 2022 முதல் இன்று வரை என்று அடுத்த வேலை. மாதமே கிடையாது. எந்தத் தேதியும் மாறவில்லை என்பது உண்மைதான். ஆனால் 2021, 2022 என்று ஆண்டை மட்டும் அடுத்தடுத்துப் போட்டால், நடுவில் ஒரு நாள் இடைவெளியும் இருக்கலாம், கிட்டத்தட்ட இரண்டு ஆண்டும் இருக்கலாம். படிக்கிறவர் அதில் தனக்கு எளிதானதை எடுத்துக்கொள்வார். அவளுடைய 20 மாதம் இரண்டு எண்களுக்கு நடுவே இருந்த சின்னக் கோட்டுக்குள் போய் உட்கார்ந்திருந்தது.

நேர்காணல் குழுவில் நானும் அவ்வப்போது உட்கார்ந்திருக்கிறேன். ரெஸ்யூம்களை வரிசையாகப் பார்த்துப் பழகிய கண் முதலில் போவது தேதிகளுக்குத்தான். ஆண்டு மட்டும் போடுவது தவறில்லை, பழைய ஆட்கள் பலர் அப்படித்தான் போடுவார்கள். உறுத்துவது எப்போதென்றால், படித்து முடித்த பயிற்சிக்கு 'ஜூலை 2016' என்று மாதத்தோடு போட்டுவிட்டு, வேலைக்கு மட்டும் மாதத்தை விடும்போது. அவள் ரெஸ்யூமில் அதுவும் இருந்தது. அதோடு, பல நிறுவனங்களின் விண்ணப்பப் படிவத்தில் மாதம் கொடுக்காமல் அடுத்த பக்கத்துக்கே போக முடியாது. அங்கே உண்மையான மாதத்தைப் போட்டாக வேண்டும். அப்போது ஒரே ஆளின் இரண்டு தாள்கள், இரண்டுமே உண்மை, ஆனால் ஒன்று மட்டும் எதையோ சொல்லாமல் விட்டது போலத் தெரியும்.

இதையெல்லாம் சொல்லி மாதங்களைப் போட வைத்தேன். போட்டதும் நடுவில் பள்ளம் தெரிந்தது. அதை என்ன செய்வது என்பதில்தான் ஒரு மாலை முழுக்கப் போனது.

அவளுக்கு யாரோ ஒரு யோசனை சொல்லியிருந்தார்கள். அந்த 20 மாதத்தில் ஒரு சின்ன நிறுவனத்துக்கு வரிக்கணக்கு முடித்துக் கொடுத்திருந்தாள், மொத்தம் 5 வாரம். அதை இழுத்து 'சுயதொழில், கணக்கு ஆலோசகர்' என்று மார்ச் 2021 முதல் அக்டோபர் 2022 வரை போடச் சொன்னார்களாம். இதில் நான் கொஞ்சமும் தயங்கவில்லை. பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் பழைய நிறுவனத்திடம் பெரும்பாலும் கேட்பது சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி. காலியாக விட்ட இடத்தைப் பற்றி யாரிடமும் கேட்க ஒன்றும் இல்லை. அங்கே ஒரு வேலையை எழுதிவிட்டால் அதற்குப் பில் எங்கே, பணம் வந்த கணக்கு எங்கே, வாடிக்கையாளர் யார் என்று ஆரம்பிப்பார்கள். 5 வாரத்துக்கு அவளிடம் ஆதாரம் இருந்தது. மீதி ஏறக்குறைய 19 மாதத்துக்கு எதைக் காட்டுவது?

கடைசியில் இப்படி எழுதினேன், வேலைகளுக்கு நடுவில், மற்ற வரிகளின் அதே எழுத்தளவில்:

'மார்ச் 2021 – அக்டோபர் 2022: பணி இடைவெளி. குடும்பத்தில் ஒருவரை முழுநேரம் பராமரித்தேன். இந்தக் காலத்தில் ஒரு நிறுவனத்துக்கு வரிக்கணக்குப் பணி (5 வாரம்). பராமரிப்புப் பொறுப்பு முடிந்துவிட்டது.'

யாருக்கு என்ன நோய் என்பதெல்லாம் ரெஸ்யூமில் வேண்டாம் என்பது இன்றும் என் கருத்து. கடைசி வாக்கியத்தை மட்டும் வேண்டுமென்றே வைத்தேன். இடைவெளியைப் பார்க்கிறவர் மனதில் ஓடுவது பெரும்பாலும் 'ஏன் போனாய்' என்பதல்ல, 'திரும்பப் போவாயா' என்பதுதான். அதை வாய்விட்டுக் கேட்க அவர்களுக்கே சங்கடம். கேட்காமலேயே பதில் இருந்தால் நல்லது என்று நினைத்தேன்.

அவள் அந்த வாக்கியத்தைப் படித்துவிட்டு 'முடிந்துவிட்டது' என்ற சொல்லுக்குப் பின்னால் கர்சரை வைத்து அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பா செப்டம்பர் 2022இல் போய்விட்டார். எனக்குத் தெரியும். துக்கம் கேட்கப் போனவள்தானே நான். எழுதும்போது மட்டும் அது நினைவுக்கு வரவில்லை.

"இது வேணாம்க்கா."

"அதுதான்மா முக்கியமான வரி."

"வேற மாதிரி போடலாமே."

நான் விடவில்லை. 'தற்போது முழுநேரப் பணிக்குத் தடையில்லை' என்று அவள் மாற்றினாள், அது அரசாங்கக் கடிதம் மாதிரி இருக்கிறது என்று நான் திருப்பி மாற்றினேன். கடைசியில் அலுத்துப்போய், சரி உங்க இஷ்டம் என்றாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இந்த இழுபறியில்தான் மேலே இருந்ததை நான் பார்க்கவே இல்லை. பெயருக்குக் கீழே, சுருக்கத்தின் முதல் வரி: 'கணக்குத் துறையில் 8 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட அனுபவம்.'

கணக்கு எளிது. ஜூன் 2016 முதல் பிப்ரவரி 2021 வரை 57 மாதம். நவம்பர் 2022 முதல் அப்போதைய அக்டோபர் 2024 வரை 24 மாதம். கூட்டினால் 81, அதாவது 6 ஆண்டு 9 மாதம். 8 என்பது வேலைக்கு முதலில் சேர்ந்த நாளிலிருந்து நேராக எண்ணினால் வருவது, இடைவெளியையும் சேர்த்து. கீழே தேதி ஒவ்வொன்றையும் சரியாகப் போட்டு, பள்ளத்துக்கு ஒரு பெயர்ப்பலகையும் வைத்துவிட்டு, மேலே அந்தப் பள்ளத்தையே அனுபவமாக எண்ணியிருந்தோம். அந்தத் தாளில் ஏதாவது பொய் இருந்தது என்றால் அது அந்த ஓர் எண்தான். மாதக் கடைசியில் இரண்டு பக்கமும் ஒத்து வராமல் வீட்டுக்குப் போகாத இரண்டு பேர் அதைக் கூட்டிப் பார்க்கவில்லை.

நேர்காணல் செய்தவர் கூட்டிப் பார்த்தார். இடைவெளியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம். "8 வருஷம்னு போட்டிருக்கீங்க. எனக்கு 7 கூட வரலையே?" என்றாராம். அவள் சட்டென்று, "மொத்தமா பார்த்தா 8 சார்" என்றிருக்கிறாள். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அந்தத் தலையாட்டலை அவள் எனக்கு நடித்தே காட்டினாள்.

அந்த வேலை கிடைக்கவில்லை. காரணம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்கள்.

இங்கேதான் நான் சுற்றிச் சுற்றி வருகிறேன். அந்த வேலைக்கு விளம்பரத்தில் கேட்டிருந்தது குறைந்தது 7 ஆண்டு. '6 ஆண்டு 9 மாதம்' என்று ஒழுங்காகப் போட்டிருந்தால் அழைப்பே வந்திருக்காதோ என்னவோ. அப்படியானால் அந்தப் பொய்தான் அவளை உள்ளே கொண்டுபோனது, அதே பொய்தான் வெளியேயும் அனுப்பியது. இல்லை, 3 மாதக் குறைவை ஒரு கடிதத்தில் விளக்கியிருந்தால் கூப்பிட்டிருப்பார்கள் என்று ஒரு நாள் தோன்றும். மாதமே போடாத அவளுடைய பழைய ரெஸ்யூமோடு போயிருந்தால் அவரால் கூட்டியே பார்த்திருக்க முடியாது என்று மறுநாள் தோன்றும். இந்தக் கடைசி எண்ணம் வரும்போதெல்லாம் எனக்கு என் மீதே கோபம் வருகிறது, ஏனென்றால் அது சரி.

அதைவிட மோசம், அடுத்து நடந்தது. அவள் என்னிடம் சொல்லாமல் பழைய வடிவத்துக்கே திரும்பிவிட்டாள். ஆண்டு மட்டும். 'இத்தனை ஆண்டு அனுபவம்' என்ற வரியையே தூக்கிவிட்டாள். வேறொரு நிறுவனம் கூப்பிட்டது. அவர்களுடைய படிவத்தில் மாதத்தைச் சரியாகப் போட்டிருக்கிறாள். ஹெச்.ஆர். தொலைபேசியில் 2021க்கும் 2022க்கும் நடுவில் என்ன என்று கேட்டபோது, அப்பாவைப் பார்த்துக்கொண்டேன், 20 மாதம், என்று சொல்லியிருக்கிறாள். வெரிஃபிகேஷன் ஒரு சிக்கலும் இல்லாமல் முடிந்தது. சேர்ந்துவிட்டாள்.

"கேட்ட இடத்துல சொல்லிட்டேன்க்கா. தாள்ல எழுதுறதவிட வாயால சொல்றது எனக்கு ஈஸியா இருந்துச்சு" என்றாள்.

நான் சொல்லிக்கொடுத்தது அத்தனையும் வீண் என்று இதற்கு அர்த்தமா? ஒரே ஒரு ஆளுக்கு நடந்ததை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. கேட்காமலேயே ஒதுக்கிவிடுகிற இடங்களும் உண்டு, அதை நானே உள்ளே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். யாராவது இன்று கேட்டால் மாதத்தைப் போடு, இடைவெளிக்கு ஒரு வரி எழுது, மேலே உள்ள எண்ணைக் கூட்டிப் பார் என்றுதான் சொல்வேன். ஆனால் அந்த வரியில் என்ன சொல் இருக்க வேண்டும் என்று இனி நான் முடிவு செய்ய மாட்டேன். நேர்காணலில் அந்த எண்ணுக்கு அவள் தடுமாறியதற்கு, கையில் இருந்த தாள் அவளுடைய தாளாகவே இல்லாமல் போனதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

போன மாதம் அவளிடமிருந்து ஒரு செய்தி. "அக்கா, உங்க ரெஸ்யூம அனுப்புங்களேன், ஃபார்மேட் பார்க்கணும். என் தம்பிக்கு."

எடுத்துத் திறந்தேன். 2008–2011, 2011–2017, 2017 முதல் இன்று வரை. எல்லாம் ஆண்டு. 2011இல் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை 5 மாதம் நான் வீட்டில் இருந்தேன். ஒரு நிறுவனத்தில் சண்டை போட்டு வெளியே வந்து, அடுத்தது கிடைக்காமல். ஒரே ஆண்டுக்குள் விழுந்ததால் இத்தனை காலத்தில் ஒருவரும் கேட்டதில்லை, நானும் அதை மறைத்ததாக நினைத்ததில்லை.

மாதங்களைச் சேர்த்துவிட்டுத்தான் அவளுக்கு அனுப்பினேன். அந்த 5 மாதத்துக்கு ஒரு வரி எழுதப் பார்த்தேன். நாலைந்து முறை எழுதி அழித்துவிட்டு, காலியாகவே விட்டேன்.