பாதியில் நிற்கும் எக்ஸ்போர்ட், உறைந்து போகும் ஃப்ரேம்: ஒரு கல்யாண வீடியோவைக் கரை சேர்த்த அனுபவம்

கல்யாண வீடியோ எடிட்டிங்தான் என் வேலை. எக்ஸ்போர்ட் பாதியில் நின்றுபோவது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் நடப்பது. ஆனால் சமீபத்தில் ஒரே வீடியோவில் மூன்று வெவ்வேறு கோளாறுகள் அடுத்தடுத்து வந்தன. மூன்றும் வெளியே பார்க்க ஒன்று போலவே இருந்ததால் பிரித்து அறிவதற்குத்தான் நேரம் போனது. அந்தப் பிரிக்கும் முறையை மற்றவர்களுக்கும் பயன்படும் என்று எழுதுகிறேன்.

வீடியோவின் நீளம் 1 மணி 40 நிமிடம். 1080 அளவு, வினாடிக்கு 25 ஃப்ரேம். கேமரா ஃபுட்டேஜ் எல்லாம் எச்.264. நடுநடுவே சொந்தக்காரர்கள் போனில் எடுத்த கிளிப்களும் உண்டு. லேப்டாப்பில் 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு. எக்ஸ்போர்ட் எச்.264, 16 எம்பிபிஎஸ் பிட்ரேட்.

எக்ஸ்போர்ட் தோற்றால் நான் முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்கிறதா, வேறு வேறு இடத்திலா? டைம்லைனில் அதே நிமிடத்தில் நின்றால் அங்கே இருக்கும் கிளிப்பையோ எஃபெக்டையோ சந்தேகிக்கலாம். ஃபைல் அதே அளவை எட்டும்போதெல்லாம் நின்றால் டிஸ்க். இடம் மாறி மாறி நின்றால் கிராபிக்ஸ் கார்டு, டிரைவர், சூடு இந்தப் பக்கம் பார்க்க வேண்டும். பிழைச் செய்தி பெரும்பாலும் இதைச் சொல்லாது. அதனால் நின்ற நேரத்தையும் அப்போதைய ஃபைல் அளவையும் ஒரு தாளில் குறித்து வைப்பது என் வழக்கம்.

முதலில் இந்த வீடியோ கிட்டத்தட்ட முடியும் கட்டத்தில் நின்றது, அதுவும் ஒவ்வொரு முறையும் அங்கேயே. சி டிரைவில் 18 ஜிபி காலி இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் 6000 வினாடியை வினாடிக்கு 16 மெகாபிட் என்று பெருக்கி, பிட்டைப் பைட்டாக்க 8-ஆல் வகுக்க 12,000 எம்பி, அதாவது 12 ஜிபி. 18-இல் 12 போனால் 6 மிச்சம் இருக்க வேண்டுமே என்று தோன்றும். ஆனால் என்னுடைய மென்பொருள் முதலில் படத்தையும் ஒலியையும் தனித்தனி தற்காலிக ஃபைல்களாக எழுதி, கடைசியில் இரண்டையும் சேர்த்து எம்பி4 ஆக்குகிறது. சேர்க்கும் நேரத்தில் தற்காலிக ஃபைலும் இறுதி ஃபைலும் ஒரே சமயத்தில் டிஸ்கில் இருக்கும். ஆக, வேண்டியது ஏறக்குறைய 24 ஜிபி. போதாததற்கு எடிட்டிங் வேகத்துக்காக மென்பொருள் சேர்த்து வைக்கும் மீடியா கேஷும் அதே சி டிரைவில்தான் வளர்ந்துகொண்டிருந்தது. எக்ஸ்போர்ட் ஓடும்போது சேருமிட ஃபோல்டரைத் திறந்து வைத்துக்கொண்டால் இது கண் முன்னாலேயே தெரியும். முதலில் தற்காலிக ஃபைல் பெருக்கும், பிறகு அதன் பக்கத்திலேயே இன்னொன்று முளைக்கும், கொஞ்ச நேரத்தில் டிரைவின் பட்டை சிவப்பாகிவிடும்.

கேஷைக் காலி செய்து, அதன் இடத்தையும் எக்ஸ்போர்ட் சேருமிடத்தையும் இரண்டாவது எஸ்எஸ்டிக்கு மாற்றினேன். கணக்கில் வரும் அளவைப் போல மூன்று மடங்கு காலி இடம் இல்லாமல் நீள வீடியோவை இப்போது ஓட விடுவதில்லை. பென்டிரைவுக்கு நேராக எக்ஸ்போர்ட் செய்பவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. பென்டிரைவ் `FAT32` வடிவத்தில் இருந்தால், எவ்வளவு காலி இடம் இருந்தாலும் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. 16 எம்பிபிஎஸ்ஸில் அது சுமார் 35 நிமிடம். சரியாக அந்த அளவில் நின்றால் வேறெங்கும் தேட வேண்டாம். அந்த டிரைவை ரைட் கிளிக் செய்து `Properties` பார்த்தாலே வடிவம் தெரிந்துவிடும்.

இடம் சரியான பிறகும் எக்ஸ்போர்ட் முடியவில்லை. இந்த முறை நிற்கும் இடம் மாறியது. ஒருமுறை 38-வது நிமிடம், இன்னொருமுறை ஒரு மணி நேரத்தைத் தாண்டி. முகூர்த்தத்துக்கு முந்தைய இருட்டுக் காட்சிகளுக்கு நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டிருந்தேன். அது கிராபிக்ஸ் கார்டின் மெமரியை அள்ளித் தின்னும் எஃபெக்ட். டாஸ்க் மேனேஜரில் `Performance` பகுதியில் ஜிபியுவைத் தேர்ந்தெடுத்தால் கீழே `Dedicated GPU memory` என்று ஒரு வரி வரும். எக்ஸ்போர்ட் ஓடும்போது அது 4 ஜிபியில் 3.8 வரை ஏறிப்போய் நின்றது. எஃபெக்டும் அதே கார்டில், எச்.264 ஆக்கும் வேலையும் அதே கார்டில். மெமரி எந்தக் கணத்தில் தீரும் என்பது அந்த நேரத்தில் ஓடும் மற்ற வேலைகளையும் பொறுத்தது. இடம் மாறி மாறி நின்றதன் காரணம் அதுதான்.

எக்ஸ்போர்ட் அமைப்புகளில் `Hardware Encoding` என்பதை `Software Encoding` என்று மாற்றினேன். மென்பொருளுக்கு மென்பொருள் இந்தப் பெயர் கொஞ்சம் மாறும். சிலவற்றில் ஒரு டிக் பெட்டியாக இருக்கும், சிலவற்றில் என்கோடர் பட்டியலில் கார்டின் பெயருக்குப் பதில் நேட்டிவ் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். எஃபெக்டுகள் இப்போதும் கார்டில்தான் ஓடும், சுருக்கும் வேலை மட்டும் சிபியுவுக்குப் போகும். முக்கால் மணி நேரத்தில் முடிய வேண்டியது மூன்று மணி நேரத்துக்குப் பக்கம் ஆனது. ஆனால் முடிந்தது. அதே பிட்ரேட்டில் சிபியு சுருக்கும் படம் பொதுவாகக் கொஞ்சம் தெளிவாகவும் இருக்கும். பட்டுப்புடவை ஜரிகை, அட்சதை தூவும் காட்சி போன்ற இடங்களில் எனக்கு அந்த வித்தியாசம் தெரிகிறது.

ஃபைல் முழுதாக வந்த நிம்மதியில், ஸ்டுடியோவில் கூட வேலை செய்யும் தம்பியிடம் ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் குரல் வந்தது: "அண்ணே, தாலி கட்டுற இடத்துல படம் நின்னுடுச்சு. மேளம் மட்டும் ஓடுது."

போய்ப் பார்த்தேன். 47-வது நிமிடம் 12-வது வினாடி. மாப்பிள்ளை கை கழுத்துக்குப் பின்னால் போகும் ஃப்ரேம் அப்படியே உறைந்துவிட்டது. கெட்டிமேளம் முழங்குகிறது, படம் மூன்று வினாடிக்கு அசையவில்லை, பிறகு சட்டென்று மூன்றாவது முடிச்சுக்குத் தாவுகிறது. கல்யாண வீடியோவில் எந்த இடத்தை விட்டாலும் இந்த இடத்தை விட முடியாது.

ஹார்ட்வேர் என்கோடிங்கைத்தான் அணைத்தாயிற்றே, இது ஏன்? என்கோடிங் என்பது எழுதும் பக்கம். கிளிப்பைப் பிரித்துப் படிப்பது டிகோடிங். அதற்கும் கார்டு பயன்படுகிறது, அதற்கான சுவிட்ச் வேறு இடத்தில், பெரும்பாலும் `Preferences` உள்ளே மீடியா பகுதியில் இருக்கிறது. ஒரே ஒரு கிளிப்பில் மட்டும் படம் உறைந்தால் படிக்கும் பக்கத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அந்த ஷாட் பெண்ணின் சித்தப்பா போனில் எடுத்தது. கிளிப்பே கெட்டுப்போயிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, ffmpeg என்ற கருவியைக் கொண்டு கமாண்ட் விண்டோவில் இதை ஓட்டினேன்:

```
ffmpeg -v error -i thaali.mp4 -f null -
```

கெட்ட ஃப்ரேம் இருந்தால் பிழை வரிகள் கொட்டும். ஒன்றும் வரவில்லை என்றால் கிளிப் நலம். எனக்கு ஒன்றும் வரவில்லை. அப்புறம் ஃபைலின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோவில் திறந்தபோது விஷயம் புரிந்தது. `Format` என்ற இடத்தில் `HEVC`, அதாவது எச்.265. `Frame rate mode` என்ற இடத்தில் `Variable`. கேமரா போல சீராக 25 அல்லது 30 ஃப்ரேம் எடுக்காமல், வெளிச்சம் குறைந்தால் போன் தானாக ஃப்ரேம் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளும். மண்டபத்தில் வீடியோ லைட் எங்கள் கேமரா பக்கம் திரும்பிய நேரத்தில் சித்தப்பா நின்ற மூலை இருட்டாகியிருக்கும். எச்.265-இல் பெரும்பாலான ஃப்ரேம்கள் முன்பின் ஃப்ரேம்களிலிருந்து மாறிய பகுதியை மட்டுமே சேமித்து வைக்கின்றன. இடைவெளியும் சீராக இல்லாமல், ஒன்றையொன்று சார்ந்தும் இருக்கும் ஃப்ரேம்களை எக்ஸ்போர்ட் வேகத்தில் பிரிக்கும்போது டிகோடர் தடுமாறி, கடைசியாகக் கிடைத்த ஃப்ரேமையே திரும்பத் திரும்பக் கொடுத்துவிடுகிறது.

ஹார்ட்வேர் டிகோடிங்கை அணைத்துவிட்டு, மென்பொருளை மூடித் திறந்து, அந்த ஒரு நிமிடத்தை மட்டும் இன், அவுட் குறித்து எக்ஸ்போர்ட் செய்தேன். உறைதல் இல்லை. காரணம் உறுதியாயிற்று. ஆனால் டிகோடிங்கை நிரந்தரமாக அணைத்தால் எச்.265 கிளிப்கள் டைம்லைனில் நகராமல் இழுக்கும். அதனால் அதைத் திரும்பப் போட்டுவிட்டு, அந்தக் கிளிப்பை எடிட்டிங்குக்கு ஏற்ற கோடெக்குக்கு மாற்றினேன்:

```
ffmpeg -i thaali.mp4 -vf fps=25 -c:v dnxhd -profile:v dnxhr_sq -pix_fmt yuv422p -c:a pcm_s16le thaali_25.mov
```

டிஎன்எக்ஸ்எச்ஆர் கோடெக்கில் ஒவ்வொரு ஃப்ரேமும் முழுப் படம். பக்கத்து ஃப்ரேமைத் தேடிப் போக வேண்டியதில்லை. விலை என்னவென்றால் டிஸ்க் இடம்: 1080 அளவில் வினாடிக்குச் சுமார் 15 எம்பி. நான்கு நிமிடக் கிளிப் 280 எம்பியிலிருந்து 3.6 ஜிபியாக ஊதியது. அதனால் எல்லாவற்றையும் மாற்றுவதில்லை, போன் கிளிப்களை மட்டும். இன்னொரு குறையும் உண்டு. 30-ஐ 25 ஆக்கும்போது ஆறில் ஒரு ஃப்ரேம் போய்விடும், யாராவது குறுக்கே நடந்தால் லேசான துள்ளல் தெரியும். தாலி கட்டும் ஷாட்டில் அசைவு குறைவு, கண்ணுக்குப் படவில்லை.

டைம்லைனில் பழைய கிளிப்பின் இடத்தில் புதியதை மாற்றி, முழு வீடியோவையும் மறுபடி எடுத்தேன். ஒன்றே முக்கால் மணி நேரம் கண் கொட்டாமல் உட்கார முடியாது, பார்த்தாலும் ஒரு வினாடி உறைதல் தப்பிவிடும். அதற்கு இது:

```
ffmpeg -i final.mp4 -vf freezedetect=n=0.003:d=1 -an -f null -
```

ஒரு வினாடிக்கு மேல் படம் அசையாமல் நின்ற இடங்களையெல்லாம் `freeze_start` என்று வினாடிக் கணக்கில் காட்டும். முதல் ஃபைலில் ஓட்டியபோது 2832-ஐ ஒட்டி ஒரு வரி வந்தது. 60-ஆல் வகுத்தால் அதே 47 நிமிடம் 12 வினாடி. புது ஃபைலில் அந்த வரி இல்லை. தொடக்கத்தில் டைட்டில் கார்டும் கடைசியில் ஆல்பம் போட்டோக்களும் மட்டும் பட்டியலில் வந்தன. அவை நிஜமாகவே அசையாத படங்கள், அவற்றைத் தள்ளிவிடலாம்.

இப்போது மூன்று, நான்கு நிமிடப் பாட்டு வீடியோக்களுக்கு ஹார்ட்வேர் என்கோடிங்கையே வைத்திருக்கிறேன், அங்கே வேகம் முக்கியம். முழுநீளக் கல்யாண வீடியோவை சாஃப்ட்வேர் என்கோடிங்கில் போட்டு, இரவு கடை சாத்தும்போது ஓட விடுகிறேன். போன் கிளிப் தரும் சொந்தக்காரர்களிடம் வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாமல், டாக்குமெண்டாகவோ கேபிள் மூலமாகவோ ஒரிஜினலைத் தரச் சொல்கிறேன். வந்த உடனே மீடியாஇன்ஃபோவில் பார்த்து, `Variable` என்று இருந்தால் டைம்லைனுக்குப் போகும் முன்பே மாற்றிவிடுகிறேன்.