சராசரிக்குள் மறைந்த அறுநூறு பேர்

மெட்டா விளம்பரக் கணக்கின் அறிக்கையில் Frequency என்றொரு பத்தி உண்டு. விளம்பரம் மொத்தம் எத்தனை முறை காட்டப்பட்டதோ, அதை எத்தனை பேர் பார்த்தார்களோ அந்த எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. தளத்துக்கு வந்துபோனவர்களையே திரும்பத் திரும்பத் துரத்தும் ரீடார்கெட்டிங் வேலையில், ஆட்கள் சலித்துப்போகிறார்களா என்று பார்க்க எல்லோரும் முதலில் போவது அங்கேதான். அந்த எண் எவ்வளவு விஷயத்தை மறைக்க முடியும் என்பது, ஒரு இணைய விற்பனைத் தளத்தின் கணக்கு என் கைக்கு வந்தபோது தெரிந்தது.

அதில் மூன்று ஆட் செட்கள், அதாவது தனித்தனிப் பட்டியலும் பட்ஜெட்டும் கொண்ட விளம்பரத் தொகுப்புகள், ஓடிக்கொண்டிருந்தன. முதலாவது, 30 நாளில் தளத்துக்கு வந்த எல்லோருக்கும். இரண்டாவது, 14 நாளில் ஏதாவது ஒரு பொருளின் பக்கத்தைப் பார்த்தவர்களுக்கு. மூன்றாவது, 7 நாளில் கார்ட்டில் பொருளைப் போட்டுவிட்டு வாங்காமல் போனவர்களுக்கு. ஒரு வாரக் கணக்கு ஏறத்தாழ இப்படி இருந்தது: முதலாவது 8,000 பேருக்குச் சராசரியாக 3 முறை, இரண்டாவது 3,000 பேருக்கு 4 முறை, மூன்றாவது 600 பேருக்கு 5 முறை. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பயமுறுத்தவில்லை. விளம்பரம் ஒருமுறை காட்டப்பட்டால் அது ஒரு இம்ப்ரெஷன். மொத்தத்தைக் கூட்டினால் 39,000 இம்ப்ரெஷன், 8,000 பேர், சராசரி 4.9. அதுவும் பரவாயில்லை என்றே தோன்றும்.

ஆனால் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் இருந்த தோழி ஒருநாள், "சார், போன் பண்றவங்க பாதிப் பேர் விளம்பரத்தைப் பத்தித்தான் திட்டுறாங்க. வாங்கினவங்களும் திட்டுறாங்க" என்றார். விளம்பரத்துக்குக் கீழே வந்த கருத்துகளும் அதையேதான் சொல்லின. 4.9-க்கும் இந்தக் கோபத்துக்கும் பொருத்தமே இல்லை.

காரணம் எளிமையானது. கார்ட்டில் போட்டவர் பொருளின் பக்கத்தையும் பார்த்தவர்தானே, தளத்துக்கும் வந்தவர்தானே. மூன்று பட்டியலிலும் அவர் இருக்கிறார். ஒன்றிலிருந்து இன்னொன்றை யாரும் விலக்கி வைக்கவில்லை. எந்த விளம்பரத்தைக் காட்டுவது என்பதை மெட்டா ஒவ்வொரு முறையும் ஓர் ஏலத்தில் முடிவுசெய்கிறது. ஒரே விளம்பரதாரரின் இரண்டு விளம்பரங்கள் ஒரே ஏலத்தில் மோதாதபடி அது பார்த்துக்கொள்ளும். ஆனால் அடுத்த முறை திரையைத் தள்ளும்போது அது புதிய ஏலம், அங்கே இன்னொரு ஆட் செட் ஜெயிக்கலாம். ஆக அந்த 600 பேருக்கு 3, 4, 5 என எல்லாம் சேர்ந்து வாரத்துக்கு 12. உண்மையில் அதற்கும் மேலேயே இருந்திருக்கும். விற்பனையை இலக்காக வைத்த ஆட் செட், வாங்கக்கூடியவர்களைத் தேடிப்பிடித்துக் காட்டும். 8,000 பேரில் அப்படித் தெரிகிறவர்கள் இதே 600 பேர்தான். முதல் பட்டியலின் சராசரி 3 என்றால், இவர்களுக்கு அதைவிடக் கூடுதலாகவும், எப்போதோ எட்டிப்பார்த்துவிட்டுப் போனவருக்கு ஒன்றாகவும் பிரிந்திருக்கும்.

இதைச் சொன்னதும் செலவைக் குறைக்க ஒப்புக்கொள்வார்கள் என்று பார்த்தால், நடக்கவில்லை. அறிக்கையில் வருமானம் பிரமாதமாக இருந்தது. நான் அதிகம் போராட வேண்டியிருந்தது இந்த இடத்தில்தான். அந்தக் கணக்கு, விளம்பரத்தைக் கிளிக் செய்து 7 நாளுக்குள் வாங்கினவரையும் எண்ணும், கிளிக் செய்யாமல் வெறுமனே கண்ணில் பட்டு ஒரு நாளுக்குள் வாங்கினவரையும் எண்ணும். இப்போது யோசித்துப் பாருங்கள். ஒருவருக்கு வாரத்தில் 12 முறை காட்டினால், அவர் எந்த நாளில் வாங்கினாலும் அதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் விளம்பரம் ஒருமுறையாவது வந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். சம்பளம் வரட்டும் என்று காத்திருந்து தானாகவே வாங்கினவரும் விளம்பரத்தின் கணக்கில் சேர்ந்துவிடுவார். அதாவது, காட்டும் தடவை கூடக்கூட அறிக்கை அழகாகிறது, ஆட்கள் எரிச்சலானாலும்கூட. அறிக்கையில் கிளிக்கால் வந்த விற்பனையைத் தனிப் பத்தியாக எடுத்து வைத்தபோது, காட்டிய வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. அப்புறம்தான் பேச்சு நகர்ந்தது.

பட்டியல்களை ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரித்தோம். கார்ட்டில் போட்ட 600 பேர் தனி. பொருளைப் பார்த்தவர்களிலிருந்து இவர்களை விலக்கினால் 2,400. மீதி வந்துபோனவர்கள் 5,000. பிறகு பட்ஜெட்டைப் பின்னாலிருந்து கணக்கிட்டோம்: முதல் குழுவுக்கு வாரம் 7 முறை, அடுத்ததற்கு 4, கடைசிக்கு 2. அப்படியென்றால் 4,200, 9,600, 10,000. மொத்தம் 23,800 இம்ப்ரெஷன். ஒவ்வொன்றையும் ஆயிரத்தால் வகுத்து, ஆயிரம் இம்ப்ரெஷனுக்கு ஆகும் விலையால் பெருக்கினால் அந்தந்த ஆட் செட்டின் வாரச் செலவு வந்துவிடும். விற்பனை இலக்கு வைத்த ஆட் செட்டில் 'ஒருவருக்கு இத்தனை தடவைதான்' என்று உச்சவரம்பு போட வழி இல்லாததால், அங்கே பட்ஜெட்தான் கடிவாளம். கடைசிக் குழுவை மட்டும் ரீச் இலக்குக்கு மாற்றி, 7 நாளைக்கு 2 என்று வரம்பு போட்டோம். அது வாங்குபவரைத் தேடாது, பட்டியலில் உள்ள எல்லோருக்கும் பரவலாகக் காட்டும். அந்தக் குழுவுக்கு அது போதும்.

கார்ட் குழுவை முதல் மூன்று நாள், அடுத்த நான்கு நாள் என்று மேலும் உடைக்க ஆசை இருந்தது. செய்யவில்லை. ஒரு ஆட் செட் நிலைபெற வாரத்துக்குச் சுமார் 50 விற்பனையாவது தேவைப்படும். 600 பேரையும் உடைத்தால் இரண்டு பாதியும், யாருக்குக் காட்டுவது என்று மெட்டா இன்னும் கற்கும் நிலையிலேயே தேங்கிவிடும். அதற்குப் பதில் விளம்பரங்களையே வேறுபடுத்தினோம். அதே படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டாமல், ஒன்று பொருளைக் காட்டியது, ஒன்று திருப்பிக் கொடுக்கும் விதியைச் சொன்னது, ஒன்று எத்தனை நாளில் கைக்கு வரும் என்பதைச் சொன்னது.

வாங்கினவர்களும் திட்டினார்களே, அது தனிக் கதை. ஒருவர் வாங்கினார் என்று மெட்டாவுக்குச் சொல்லும் `Purchase` நிகழ்வு 'நன்றி' பக்கம் திறந்தால்தான் பதிவாகும். போனில் பணம் செலுத்தும் செயலிக்குப் போனவர் பலர், பணம் போனதும் அப்படியே மூடிவிடுகிறார்கள். நன்றிப் பக்கம் திறப்பதே இல்லை. அதனால் வாங்காதவர்கள் பட்டியலிலேயே இருந்துவிடுகிறார்கள். 2021 ஏப்ரலில் வந்த ஐஓஎஸ் 14.5-க்குப் பிறகு கண்காணிப்பு அனுமதி மறுத்தவர்களின் தடமும் மெலிந்துவிட்டது. ஆர்டர் உறுதியானதும் சர்வரிலிருந்தே நிகழ்வை அனுப்ப ஏற்பாடு செய்தோம். ஒரே விற்பனை இரண்டு தடவை எண்ணப்படாதபடி பிரவுசரும் சர்வரும் அந்த விற்பனைக்கு ஒரே அடையாளக் குறியை, அதாவது `event_id`-ஐ, அனுப்பின. கூடவே வாங்கினவர்களின் பட்டியலை அவ்வப்போது ஏற்றி, மூன்று குழுவிலிருந்தும் விலக்கினோம். எல்லோரும் பொருந்திவிட மாட்டார்கள், சிலர் தப்பத்தான் செய்வார்கள். ஆனால் தொலைபேசியில் திட்டுவது வெகுவாகக் குறைந்தது.

விளம்பர அறிக்கையில் விற்பனை சரிந்தது. தளத்தின் ஆர்டர் புத்தகத்தில் சரியவில்லை. நாங்கள் நம்பியது இரண்டாவதை. ஆனாலும் ரீடார்கெட்டிங்கால் உண்மையில் கூடுதலாக வந்தது எவ்வளவு என்பதை இது சொல்லாது. அதற்கு ஒரு பகுதியினருக்கு விளம்பரமே காட்டாமல் வைத்து ஒப்பிட வேண்டும்.

இன்னொன்று. இந்த ஏற்பாடு தானாக ஓடாது. புதிய ஆட்களைத் தளத்துக்குக் கொண்டுவரும் விளம்பரத்தை நிறுத்தினால், 5,000 பேர் பட்டியல் சில வாரத்தில் கரைந்துவிடும். அன்றைக்கே தெரியாது, 30 நாள் ஜன்னல் மெல்ல மெல்லக் காலியாகும். வரம்பு இல்லாத இரண்டு குழுக்களில் பட்ஜெட் மட்டும் அப்படியே இருந்தால், அதே பணம் குறைந்த ஆட்களைத் துரத்தும். யாரும் எதையும் மாற்றாமலே ஃப்ரீக்வன்சி ஏறினால் நான் முதலில் பார்ப்பது விளம்பரத்தை அல்ல, பட்டியலின் அளவை. வாரம் ஒருமுறை அதைப் பார்த்து, இலக்குத் தடவையால் பெருக்கி, பட்ஜெட்டை மாற்றிவிடுகிறோம்.