‘சரி, எழுதுங்க’

“பொருளடக்கம் பார்த்தேன். சரியா இருக்கு. எழுதுங்க.” நான் அனுப்பிய பதில் இவ்வளவுதான். மூன்று வாரம் கழித்து 38 பக்கம் வந்தது. அதில் முக்கால்வாசியைத் திருப்பி எழுதச் சொன்னேன். எழுதியவர் கோபப்படவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “இதை அப்பவே சொல்லியிருக்கலாமே சார்?”

“அப்ப எனக்கே தெரியாதும்மா” என்றேன்.

அந்தப் பதில் உண்மையா, சாக்கா என்று இன்னும் முடிவாகவில்லை. சில நாள் உண்மை என்று தோன்றும். சில நாள், கூச்சமில்லாமல் சொல்லிவிட்டோமே என்று தோன்றும்.

நான் கேட்டது, “பேக்கப் பத்தி முழுசா ஒரு டாக்குமெண்ட் வேணும்.” வேலை சொல்கிறவர்கள் பலரும் இப்படித்தான் சொல்வோம். வேண்டுமென்றே மொட்டையாகச் சொல்வதில்லை. தலைக்குள் ஒரு உருவம் இருக்கும். அது எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொள்வோம். அவர் நல்லபடியாகத்தான் தொடங்கினார். எழுத உட்காரும் முன் 11 தலைப்புகள் கொண்ட பொருளடக்கம் ஒன்றை அனுப்பி ஒப்புதல் கேட்டார். அறிமுகம், நோக்கம், எல்லை, பேக்கப் வகைகள், கால அட்டவணை, சேமிப்பிடம், மீட்பு நடைமுறை, பொறுப்புகள், இப்படி.

முன்கூட்டியே காட்டி ஒப்புதல் வாங்கு என்பதுதான் எல்லாரும் சொல்லும் அறிவுரை. அவர் வாங்கினார். பிறகும் ஏன் இப்படி ஆயிற்று என்பதுதான் என்னைக் குடைகிறது.

அந்தப் பட்டியலை இப்போது எடுத்துப் பார்த்தாலும் மறுக்க ஒன்றுமில்லை. அதுதான் கோளாறு. ‘மீட்பு நடைமுறை’ என்ற தலைப்பை யார் வேண்டாம் என்பார்கள்? வெறும் பெயர்ச்சொல்லாக நிற்கும் தலைப்பு எதையும் சொல்வதில்லை. அதனால் யாரோடும் முரண்படுவதில்லை. படிக்கிறவர் அந்தச் சொல்லுக்குள் தன் மனதில் இருப்பதைப் போட்டு நிரப்பிக்கொள்வார். எழுதுகிறவர் தன் மனதில் இருப்பதைப் போடுவார். இரண்டு பேரும் ஒரே தாளைப் பார்த்துத் தலையாட்டுவோம், இரண்டு வேறு ஆவணங்களை நினைத்துக்கொண்டு.

இன்னொன்றும் அந்தப் பட்டியலில் மறைந்திருந்தது: எடை. 11 தலைப்பும் ஆளுக்கொரு வரி. முடிந்து வந்தபோது ‘பேக்கப் வகைகள்’ ஒன்பது பக்கம், ‘மீட்பு நடைமுறை’ நான்கு பக்கம். எனக்கு வேண்டியது நேர்மாறு. ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே ‘9 பக்கம்’, ‘4 பக்கம்’ என்று ஒரு எண் இருந்திருந்தால், என் போன்ற சோம்பேறிக்கும் அது கண்ணில் பட்டிருக்கும். அந்தக் கணக்கு துல்லியமாக இருக்கத் தேவையில்லை. எது பெரிது, எது சின்னது என்று தெரிந்தால் போதும்.

தலைப்புகளை முழு வாக்கியமாக எழுதினால் இன்னும் நல்லது. ‘மீட்பு நடைமுறை’ என்பதற்குப் பதிலாக, ‘சர்வர் செயலிழந்தால், இரவுப் பணியில் இருப்பவர் யாரையும் எழுப்பாமல் தானே தரவை மீட்பதற்கான படிகள்’ என்று இருந்தால், அந்த ஒரு வரியிலேயே வாசகர் யார், அவருக்கு என்ன தெரியும், எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்ற மூன்றும் வந்துவிடுகிறது. மறுக்கிறவர் மறுக்கலாம். “இல்லையே, மேலாளரைக் கேட்காமல் மீட்கவே கூடாதே” என்று ஒருவர் சொன்னால், அதுதான் அந்தப் பொருளடக்கம் சம்பாதித்த பலன்.

ஆனாலும் பொருளடக்கத்தை எவ்வளவு செப்பனிட்டாலும் அது ஒன்றைக் காட்டாது: எழுதினால் எப்படி இருக்கும் என்பதை. அதற்கு மாதிரிப் பத்திதான் வேண்டும். பத்தி என்றால் ஒரு நூறு, நூற்றைம்பது சொல். அதைவிட நீண்டால் பார்க்கிறவர் படிக்கமாட்டார். மேலோட்டமாக ஓட்டிவிட்டு மறுபடி ‘சரி’ என்பார்.

எங்கள் ஆவணத்தையே எடுத்துக்கொள்கிறேன். ஞாயிறு இரவு முழு பேக்கப்; மற்ற இரவுகளில், முந்தைய பேக்கப்புக்குப் பிறகு மாறியவை மட்டும். இதே விஷயத்தை அவர் எழுதியிருந்த விதம் ஏறக்குறைய இப்படி:

“சர்வர் தரவு வாரம் ஒருமுறை முழுமையாகவும், ஏனைய நாள்களில் மாற்றங்கள் மட்டுமாகவும் பிரதி எடுக்கப்படும். பழுது நேர்ந்தால் இழக்கக்கூடிய தரவு 24 மணி நேர அளவுக்கு மேற்படாது. மீட்புக்கான பொறுப்பு கணினிப் பிரிவைச் சாரும்.”

நான் எதிர்பார்த்தது இது:

“புதன் மதியம் சர்வர் போய்விட்டால், முதலில் ஞாயிறு முழுப் பிரதியை ஏற்றவும். அது முடிந்தபின் திங்கள், அடுத்து செவ்வாய். வரிசை மாறக்கூடாது. திங்கள் பிரதியைப் படிக்க முடியவில்லை என்றால் அங்கேயே நிறுத்தவும். செவ்வாய்ப் பிரதியை மட்டும் ஏற்ற வேண்டாம், அது திங்கள் பிரதியின் மேல்தான் உட்காரும்.”

இரண்டும் சரி. இரண்டிலும் பிழையில்லை. முதலாவது தணிக்கையாளருக்கு, இரண்டாவது கைநடுக்கத்தோடு திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது வேண்டும் என்று சொல்ல அரை நிமிடம் ஆகாது. ‘எனக்கே தெரியாது’ என்று நான் சொன்னது இதைத்தான். எதிரே இரண்டு இருந்தால் தெரிந்திருக்கும். வெறுமனே கேட்டால் தெரியாது. துணிக்கடையில் என்ன நிறம் வேண்டும் என்று கேட்டால் விழிப்பவர், இரண்டை எடுத்துப் போட்டதும் ஒன்றைச் சட்டென்று தள்ளிவிடுவார்.

எந்தப் பகுதியிலிருந்து மாதிரி எடுப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். அறிமுகத்தை எழுதி அனுப்புவார்கள், முதலில் வருவது அதுதானே என்று. அறிமுகம் எல்லா ஆவணத்திலும் ஒரே மாதிரி இருக்கும். அதற்குக் கிடைக்கும் ஒப்புதல் எதற்கும் உதவாது. கருத்து வேறுபாடு எங்கே வரக்கூடுமோ அங்கிருந்து எடுக்க வேண்டும். இந்த ஆவணத்தில் அது மேலே உள்ள திங்கள் பிரதி கெட்டுப்போகும் இடம். வழக்கமான பாதையில் எல்லா நடையும் ஒன்றுபோலத் தெரியும். ஏதாவது பிசகும் இடத்தில்தான் ‘இவ்வளவு சொல்ல வேண்டுமா’ என்ற கேள்வி வரும்.

மெருகும் அளவோடு இருக்க வேண்டும். ரொம்பப் பளிச்சென்று, அச்சுக்குப் போகும் அழகில் அனுப்பினால், பார்க்கிறவர் சொல் திருத்தத் தொடங்கிவிடுவார். நானே அப்படித்தான். ‘ஏற்றவும்’ வேண்டாம், ‘ஏற்றுக’ என்று போடுங்கள் என்று எழுதி, பெரிய வேலை செய்துவிட்ட திருப்தியோடு அடுத்த மின்னஞ்சலுக்குப் போய்விடுவேன். பக்கத்தின் மேலே ‘நடைக்கும் ஆழத்துக்கும் மட்டும் மாதிரி, சொற்கள் மாறும்’ என்று ஒரு வரி போட்டால் ஓரளவு தப்பலாம். ஓரளவுதான்.

கேட்கும் கேள்வியும் முக்கியம். ‘பார்த்துச் சொல்லுங்கள்’ என்றால் ‘சரி’ என்ற பதில்தான் வரும். ‘அ-வா, ஆ-வா? அ என்றால் படிகளை எழுதமாட்டேன். ஆ என்றால் கொள்கைப் பகுதி அரைப் பக்கத்தோடு முடியும்’ என்று கேட்டால், ‘சரி’ என்று பதில் எழுதவே முடியாது. எதை விடப்போகிறோம் என்று சொல்வதில்தான் எதிராளி விழித்துக்கொள்கிறார். சேர்ப்பதற்கு யாரும் மறுப்பதில்லை. விடுவதாகச் சொன்னால் உடனே கை உயரும்.

ஒப்புதல் மெய்யானதா என்று பதிலைப் பார்த்தே சொல்லலாம். ஏதாவது ஒன்றை மாற்றச் சொல்லியிருந்தால் படித்திருக்கிறார். ஒரு திருத்தமும் இல்லாமல் நாலே நிமிடத்தில் வந்த ‘சரி’யை நம்பி மூன்று வாரம் செலவிடக்கூடாது. அதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது. அந்த ‘சரி’யை அனுப்பியவன் நான்.

இவ்வளவும் செய்தால் தப்பித்துவிடலாமா? அடுத்த ஆவணத்துக்கு அவர் இரண்டு பத்தி அனுப்பினார். நான் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன், இரண்டு வரி திருத்தவும் செய்தேன். ஆவணம் முடிந்து எனக்கு மேலே இருப்பவரிடம் போனபோது அவர் மற்றதைத்தான் கேட்டார். மாதிரியை யாரிடம் காட்டுகிறோமோ அவரோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. கடைசியில் கையெழுத்துப் போடுகிறவர் வேறு ஒருவர் என்றால், அவர் கண்ணில் படாத மாதிரி பாதி மாதிரிதான். “அவருக்கும் அனுப்பட்டுமா சார்?” என்று இவர் கேட்டிருந்தார். சின்ன விஷயத்துக்கு எதற்கு என்று நான்தான் தடுத்தேன்.

எழுதுகிறவர் மாதிரி காட்டாததுதான் முதல் ஆவணம் கெட்டதற்குக் காரணம் என்று கொஞ்ச நாள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பயிற்சிக் கூட்டம் ஒன்றில் அதையே உதாரணமாகவும் காட்டினேன், பெயர் சொல்லாமல். கூட்டம் முடிந்தபின் பழைய மின்னஞ்சல்களைத் தேடியபோது பொருளடக்கத்தோடு அவர் எழுதியிருந்த கடிதம் கிடைத்தது. மூன்றாவது வரி: “இதை யார் படிக்கப் போறாங்க சார்? ஆடிட்டருக்கா, நைட் ஷிஃப்ட்டுக்கா?”

என் பதிலில் அதற்கு ஒரு வார்த்தை இல்லை. ஆனால் அன்று மதியம் நடைபாதையில் அவர் மறுபடி கேட்டதும், நான் போகிற போக்கில் சொன்னதும் இப்போது ஞாபகம் வருகிறது.

“எல்லாருக்கும்தான்.”