வெறும் தாளில் 212 துகள்

பிப்ரவரி 3, திங்கள்

எண்ணூர் முகத்துவாரத் தண்ணீரில் எத்தனை பிளாஸ்டிக் துகள் என்று எண்ண, ஃபில்டர்களை மைக்ரோஸ்கோப்பில் எடுத்த 96 படங்களையும் ஒரே மேக்ரோவில் ஓட்டி, எக்செல்லை மேடத்துக்கு அனுப்பிவிட்டு டீ குடிக்க இறங்கினேன். டம்ளர் கைக்கு வருவதற்குள் போன்.

"பிளாங்க்ல 212 துகள், முகத்துவாரத்துல 37. எண்ணூர் தண்ணிய விட நம்ம டிஸ்டில்டு வாட்டர்தான் அழுக்காம்மா?"

பிளாங்க் என்றால் காய்ச்சி வடித்த தண்ணீரை மட்டும் வடித்த ஃபில்டர். அதில் பிளாஸ்டிக் இருக்கவே கூடாது, ஆய்வகத் தூசி நாலைந்து வரலாம். "படங்களை என்ன பண்ணேன்னு வரிசையா எழுதிக் கொடு" என்று சொல்லிவிட்டு மேடம் வைத்துவிட்டார். டீ ஆறிப்போச்சு.

பிப்ரவரி 4, செவ்வாய்

குறிப்பு எழுத உட்கார்ந்தேன். நைல் ரெட் சாயம் பிளாஸ்டிக்கில் ஏறும். நீல ஒளி பட்டால் துகள் மஞ்சளும் ஆரஞ்சுமாக மின்னும். 4 மடங்கு லென்ஸ், ஒரு பிக்சல் 1.625 மைக்ரான். கேமரா 12 பிட், அதாவது ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 4095 வரை ஓர் எண். கோப்பு 16 பிட் டிஃப். இதுவரை தப்பில்லை. அடுத்த வரியை எழுதும்போதுதான் பேனா நின்றது.

```
open(dir + list[i]);
run("8-bit");
setThreshold(150, 255);
```

150உம் அதற்கு மேலும் மின்னுவதுதான் துகள். எல்லாப் படத்துக்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்றுதான் 150 என நிரந்தரமாக வைத்தேன். ஆனால் மேக்ரோ ஓடும் இமேஜ்ஜே மென்பொருள் 16 பிட் படத்தைத் திறக்கும்போது, அந்தப் படத்திலேயே உள்ள மிகக் குறைந்த, மிக அதிக மதிப்புகளைக் காட்சி எல்லையாக எடுத்துக்கொள்கிறது. 8 பிட்டாக மாற்றும்போது அந்த எல்லையைத்தான் 0–255 ஆக இழுக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு இழுப்பு.

பேப்பரில் போட்டுப் பார்த்தேன். பிளாங்கின் எல்லை 170–260. அதில் 150 என்பது 170 + 90 × 150/255, சுமார் 223. பிளாங்கின் சராசரியே 215! கண்ணாடி நார் ஃபில்டரின் இழைகள்தான் துகளாக எண்ணப்பட்டிருக்கின்றன. முகத்துவாரப் படத்தில் ஒரு வலைநூல் துண்டு பளீரென்று 3900 வரை போகிறது. அங்கே அதே 150, 2364 ஆகிவிடுகிறது. 900, 1200 என்று மங்கலாக மின்னிய துகள் எல்லாம் காலி. ஒரு நூல் பக்கத்தில் இருந்த அத்தனையையும் அணைத்துவிட்டது.

திரையில் பார்த்தால் இது தெரியவே தெரியாது. பிளாங்க்கூட அழகாகப் பளபளவென்றுதான் திறக்கும். `Show Info` அழுத்தினால் `Display range` என்று எல்லை வரும். படத்துக்குப் படம் அது மாறினால் உஷாராகிவிட வேண்டும்.

பிப்ரவரி 6, வியாழன்

8 பிட் வரியையே தூக்கிவிட்டேன். `setMinAndMax(0, 4095)` போட்டு எல்லோருக்கும் ஒரே இழுப்பு கொடுத்திருக்கலாம். ஆனால் பதினாறு மதிப்பு ஒன்றாகச் சுருங்கி, பிளாங்கின் 90 படிகள் ஆறாகிவிடும். மூலமே கையில் இருக்கும்போது எதற்கு?

ஒன்பது பிளாங்கிலும் ஃபில்டர் இழை அதிகபட்சம் 298 தொட்டது. அதற்கு மேலே கொஞ்சம் இடம் விட்டு 320 வைத்தேன்.

```
setThreshold(320, 65535);
run("Analyze Particles...", "size=314-Infinity summarize");
```

314 என்பது 20 மைக்ரான் விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு, சதுர மைக்ரானில். ஒரு பிக்சல் எத்தனை மைக்ரான் என்ற ஸ்கேல் படத்துக்கு ஏறாமல் இருந்தால் இதே 314ஐ பிக்சல் என்று எடுத்துக்கொள்ளும், அப்புறம் சின்னத் துகள் எதுவும் தேறாது. அதனால் ஸ்கேலை மேக்ரோவுக்குள்ளேயே வைத்துவிட்டேன்.

இரவு ஓட்டும்போது தண்டையார்பேட்டையில் கரண்ட் போச்சு. மீண்டும் முதலிலிருந்து.

பிப்ரவரி 7, வெள்ளி

பிளாங்க் 212இலிருந்து 3. அந்த மூன்றையும் திறந்து பார்த்தேன், பஞ்சு நூல் மாதிரி சுருண்டு கிடக்கிறது, என் துப்பட்டாவாக இருக்கலாம். முகத்துவாரம் 37இலிருந்து 118. அதே படத்தைக் கண்ணால் எண்ணினால் 126. ஒட்டிக்கிடக்கும் இரண்டை மேக்ரோ ஒன்றாக எண்ணுகிறது. அதைச் சரிசெய்யவில்லை, குறிப்பில் அப்படியே எழுதிவிட்டேன்.

ஆனால் 14 படங்களில் ஃபில்டர் முழுக்க ஒரே துகளாக வந்தது. சராசரி 330. லாகைப் பார்த்தால் அவற்றை எடுத்த நாள் மட்டும் எக்ஸ்போஷர் 200க்குப் பதில் 400 மில்லி செகண்ட். இரண்டால் வகுத்துத் தப்பிக்கவும் முடியாது, வெளிச்சமே இல்லாதபோதும் கேமரா 100 காட்டும். அந்த 100 இரட்டிப்பாவதில்லை. ஃபில்டர்கள் மூடிய தட்டில் பத்திரமாக இருக்கின்றன, திங்கள் மறுபடி எடுப்பேன்.

குறிப்பின் கடைசியில் இன்னொன்றும் சேர்த்தேன். டயர் தேய்ந்த கறுப்புத் தூள் நைல் ரெட்டில் சரியாக மின்னாது. மணலி, எண்ணூர்ச் சாலைகளில் நாள் முழுக்க கன்டெய்னர் லாரி ஓடுகிறது; அந்தத் தூள் என் 118இல் இல்லை.

மாலை மேடத்திடமிருந்து பதில்: "14ஐயும் மறுபடி எடுத்துட்டு பழைய எக்செல்ல அழிக்காம வை."