“தொடர்பு வலுவாக இருக்கிறது” என்று சொன்னேன்

அந்தக் கேள்வியை அவர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். மாணவியைப் பார்த்துக் கேட்டிருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்கவே மாட்டேன்.

“அப்போ ரெண்டு லட்சம் கூடுதலா விளம்பரத்துக்குப் போட்டா விற்பனை முப்பத்தெட்டு லட்சம் கூடும். அப்படித்தானே சார்?”

திரையில் அவள் போட்டிருந்த கோடு நின்றது. மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு புள்ளிகள், நடுவே ஒரு நேர்க்கோடு. கீழே சமன்பாடு: விற்பனை = 2.1 + 19.2 × விளம்பரச் செலவு, இரண்டும் லட்சத்தில். தொடர்பின் வலுவைக் காட்டும் r மதிப்பு 0.97, ஒன்றுக்கு மிக அருகில். புராஜெக்ட் வழிகாட்டி என்ற முறையில் அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்டவன் நான். அவள் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நிறுவனத்தின் மேலாளர்தான் கேட்டவர். அவர் கேட்ட கணக்கில் பிழை இல்லை. 19.2-ஐ இரண்டால் பெருக்கினால் 38.4 தான்.

நான் சொன்னது இதுதான்: “தொடர்பு ரொம்ப வலுவா இருக்கு சார்.”

அவர் தலையாட்டினார். அவர் கேட்டது வேறு, நான் சொன்னது வேறு. ஆனால் அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் அது ‘ஆமாம்’ என்றே கேட்டிருக்கும். அப்படிக் கேட்கும் என்று எனக்கும் தெரியும். தெரிந்துதான் அந்த வார்த்தையைத் தேர்ந்தெடுத்தேனா, வாயில் வந்ததைச் சொன்னேனா என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.

கவனக்குறைவாக இருந்துவிட்டேன் என்று சொல்லிவிட முடியாது. முதல் வரைவு வந்த அன்றே எனக்குச் சந்தேகம் இருந்தது. புள்ளிகளில் ஒன்பது, கோட்டின் கீழ்முனையில் கூட்டமாகக் கிடந்தன. மூன்று மட்டும் மேலே தனியாகத் தெரிந்தன: விற்பனை 60, 78, 82 லட்சம். வருடத்தின் உச்ச மாதங்கள். அந்த மாதங்களில் மக்கள் எப்படியும் வாங்குவார்கள். நிறுவனமும் எப்படியும் விளம்பரம் கொடுக்கும். சீசன் இரண்டையும் ஒரே நேரத்தில் தூக்கிவிட்டால், இரண்டும் ஒன்றையொன்று இழுப்பதுபோலத்தான் கோடு தெரியும்.

“அந்த மூணு மாசத்தை எடுத்துட்டுத் திரும்பப் போடும்மா” என்றேன்.

மறுநாள் வந்தாள். முகத்தில் ஜெயித்த களை. r 0.97-லிருந்து 0.81-க்கு இறங்கியிருந்தது. ஆனால் கோட்டின் சரிவு 19.2-லிருந்து 19.7 ஆகியிருந்தது, கிட்டத்தட்ட அதேதான். “சீசனை எடுத்தாலும் நிக்குது சார்!” எனக்கும் நிம்மதி. எனக்குத் தெரிந்த சோதனையைச் செய்யச் சொன்னேன், அது தேறிவிட்டது. இத்தனைக்கும் ஒன்பது புள்ளிகளை வைத்து அப்படியெல்லாம் நிம்மதி அடையக் கூடாது என்று வகுப்பில் சொல்பவன் நான்.

இன்னொரு கேள்வியும் கேட்டேன். விளம்பரம்தான் விற்பனையைத் தூக்குகிறது என்று எப்படிச் சொல்கிறாய், விற்பனை விளம்பரத்தைத் தூக்கியிருக்கக் கூடாதா? அவளிடம் பதில் தயாராக இருந்தது. “விளம்பரம் மாசத்தோட முதல் வாரமே போயிடுது சார். விற்பனை அப்புறம்தானே வருது.” நல்ல பதில். நான் மடங்கிவிட்டேன். காலையில் குடை எடுத்துக்கொண்டு கிளம்புகிறோம், மாலையில் மழை பெய்கிறது. குடை முந்தியது என்பதற்காக அதுவா மழையைக் கொண்டுவந்தது? இந்த உதாரணம் அன்றைக்குத் தோன்றவில்லை. எல்லாம் முடிந்த பிறகு, யாரும் கேட்காதபோதுதான் தோன்றியது.

மேலாளருக்கு நான் அந்தப் பதிலைச் சொன்ன அன்று இரவு, மதிப்பெண் போடுவதற்காக அறிக்கையை மறுபடி புரட்டினேன். பின்னிணைப்பில் கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவரிடம் அவள் எடுத்த பேட்டி இருந்தது. ஏற்கெனவே ஒருமுறை பார்த்த பக்கம்தான். ‘பார்த்தேன்’ என்பதற்கு அடையாளமாக என் டிக் குறிகூட இருந்தது. விளம்பரத்துக்கு மாதாமாதம் எவ்வளவு ஒதுக்குவது என்று எப்படி முடிவு செய்வீர்கள் என்று கேட்டிருக்கிறாள். போன வருடக் கணக்கைப் பார்த்து இந்த மாதம் எவ்வளவு விற்கும் என்று மதிப்பிடுவோம், அதில் ஐந்து சதவீதம் ஒதுக்குவோம், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

அந்த வரியை நாலைந்து தடவை படித்தேன். பிறகு அவள் கொடுத்த எக்செல் கோப்பைத் திறந்தேன். B பத்தியில் விளம்பரம், C பத்தியில் விற்பனை. அவள் போட்டிருந்தது முதல் வரி. நான் இடம் மாற்றிப் போட்டது இரண்டாவது.

```
=SLOPE(C2:C13,B2:B13)
=SLOPE(B2:B13,C2:C13)
```

முதலாவது 19.2. இரண்டாவது 0.0485. அதாவது விற்பனை ஒரு லட்சம் கூடினால் விளம்பரம் 4,850 கூடுகிறது. ஐந்து சதவீதம், கொஞ்சம் முன்னே பின்னே. கணக்குப் பிரிவில் அவர் வாயால் சொன்ன விதியை அவள் பன்னிரண்டு புள்ளிகளிலிருந்து கண்டுபிடித்திருக்கிறாள், அவ்வளவுதான். நிறுவனம் விற்பனை மதிப்பீட்டை இருபதால் வகுத்துச் செலவு செய்கிறது. நாங்கள் செலவைக் கிட்டத்தட்ட இருபதால் பெருக்கி விற்பனையைக் கணித்துவிட்டோம். 19.2 என்பது விளம்பரத்தின் சக்தி என்று நினைத்தோம். அது ஒரு பட்ஜெட் விதியின் தலைகீழ்.

உச்ச மாதங்களை எடுத்த பிறகும் சரிவு ஏன் அசையவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. ஐந்து சதவீத விதி உச்ச மாதத்துக்கு மட்டுமானது இல்லையே, எல்லா மாதத்துக்கும் உள்ளது. நான் நம்பிக்கை வைத்த சோதனை, அந்த விதி எவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்படுகிறது என்பதைத்தான் எனக்குக் காட்டியிருக்கிறது.

இங்கே ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். இடம் மாற்றிப் போட்டால் ஒரு சரிவு வரத்தான் செய்யும், எந்தத் தரவிலும் வரும். இரண்டு சரிவுகளையும் பெருக்கினால் r-இன் வர்க்கம் கிடைக்கும், இங்கே 0.93. அது வெறும் இயற்கணிதம். எந்தத் திசை உண்மை என்று அந்த எண்கள் சொல்லாது. பேட்டியில் ‘ஐந்து சதவீதம்’ என்ற சொல் இல்லாமல் இருந்திருந்தால் 0.0485 எனக்கு எதையும் சொல்லியிருக்காது. ஆகவே எண்களைப் பார்த்தே நான் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆனால் இன்னொரு வழி இருந்தது, அதற்குப் பேட்டியே தேவையில்லை. ஒரு லட்சம் விளம்பரம் 19 லட்சம் விற்பனையைக் கொண்டுவரும் என்றால், விற்பனையில் லாப விகிதம் 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு லட்சம் போட்ட இடத்தில் கிட்டத்தட்ட 3.8 லட்சம் லாபமாகத் திரும்ப வரும், அதே மாதத்துக்குள். அப்படி ஒரு வித்தை கையில் இருந்தால் எந்த நிறுவனமாவது மாதத்துக்கு இரண்டு லட்சத்தோடு நிறுத்திக்கொள்ளுமா? இந்தக் கேள்விக்குப் புள்ளியியலே வேண்டாம். நான் அதைக் கேட்கவில்லை. r மதிப்பு 0.97 என்று பார்த்ததும் கண் அதிலேயே நின்றுவிட்டது.

அறிக்கையின் ‘வரம்புகள்’ பகுதியில் ‘தொடர்பு இருப்பது காரணம் இருப்பதாகாது’ என்று ஒரு வாக்கியம் இருந்தது. இருக்கும்; என்னிடம் வரும் எல்லா அறிக்கையிலும் இருக்கும். அந்த வாக்கியத்தை எழுதச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். அது இருந்ததால்தான் எனக்குத் தைரியம் வந்தது என்றுகூடச் சொல்லலாம். எச்சரிக்கையை எழுதியாகிவிட்டது, இனி யார் எப்படி எடுத்துக்கொண்டாலும் நம் பொறுப்பில்லை. ஆனால் மேலாளர் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை, என்னிடம் கேட்டார்.

அந்த இரவே அவரைக் கூப்பிட்டிருக்கலாம். மாணவியின் மதிப்பெண் பாதிக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய்யான காரணம், மதிப்பெண் என் கையில்தானே இருந்தது. பத்து நாள் கழித்துப் பேசினேன். விதியை விளக்கினேன், 19.2-ஐ முன்கணிப்புக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், முடிவெடுக்கப் பயன்படுத்தாதீர்கள் என்றேன். அதாவது நீங்கள் வழக்கம்போல் ஒதுக்குகிறவரை, ஒதுக்கிய தொகையைப் பார்த்து விற்பனையை ஊகிக்கலாம். ஒதுக்கும் முறையை நீங்களே மாற்றினால் அந்தக் கோடு செல்லாது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இந்த மாசத்துக்குப் பணம் போயாச்சு சார்” என்றார்.

விற்பனை மந்தமான ஒரு மாதம் அது. வழக்கமான இரண்டு லட்சத்தோடு கூடுதலாக இரண்டு போட்டிருந்தார். எங்கள் சமன்பாட்டின்படி 79 லட்சம் வந்திருக்க வேண்டும். வந்தது 49. போன வருடம் அதே மாதம் 44.

இதில் என்ன படிப்பது என்று தெரியாமல்தான் இருக்கிறேன். விளம்பரம் வேலை செய்யவில்லை என்று மேலாளர் முடிவு கட்டிவிட்டார். அதுவும் தவறு. அந்த ஐந்து லட்சம் விளம்பரத்தால் வந்திருக்கலாம், வருடாவருடம் வளரும் வளர்ச்சியாக இருக்கலாம், அந்த மாதம் வேறு எதுவோ நடந்திருக்கலாம். ஒரே ஒரு மாதத்தை வைத்து முடிவுக்கு வருவது, பன்னிரண்டு மாதத்தை வைத்து நாங்கள் வந்ததைவிட மோசம். அவர் விற்கும் பகுதிகளில் பாதியில் மட்டும் கூட்டி, மீதியில் பழையபடி விட்டிருந்தால், அதுவும் எந்தப் பாதி என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுத்திருந்தால், ஒப்பிட ஏதாவது கிடைத்திருக்கும். இபே நிறுவனம் 2012-இல் இதே மாதிரி ஒன்றைச் செய்தது, சீட்டுக் குலுக்காமல். தன் பெயரையே தேடுகிறவர்களுக்குக் காட்டிய விளம்பரத்தைச் சில தேடுபொறிகளில் மட்டும் நிறுத்திப் பார்த்தது. வருகை அநேகமாகக் குறையவே இல்லை. விளம்பரத்தைச் சொடுக்கி வந்தவர்கள் பக்கத்திலிருந்த இலவச இணைப்பு வழியாக வந்து சேர்ந்தார்கள். மேலாளரிடம் இதையும் சொல்லிப் பார்த்தேன். “பாதி இடத்துல விளம்பரத்தைக் குறைச்சா அங்க இருக்கிற டீலருக்கு யார் பதில் சொல்றது?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

சில சமயம் தோன்றும்: என்னதான் ஆகிவிட்டது? ஒரு மாதத்துக்கு இரண்டு லட்சம். அவர் எப்படியும் போட்டிருப்பார். முடிவை மனதில் வைத்துக்கொண்டுதான் எங்களிடம் வந்தார். கேள்வி கேட்ட தொனியே அப்படித்தான் இருந்தது. அடுத்த நிமிஷமே தோன்றும்: முடிவெடுத்துவிட்டு வருகிறவரிடம்தானே ‘தெரியாது சார்’ என்று சொல்லியிருக்க வேண்டும்?

அந்த மாணவி இப்போது வேலையில் இருக்கிறாள், இதே மாதிரி எண்களோடுதான். போன மாதம் பேசினாள். பழைய கதை வந்தது. மேலாளர் கேட்டபோது நான் சொன்ன பதிலை எப்படி எடுத்துக்கொண்டாய் என்று கேட்டுவிட்டேன்.

“ஆமான்னுதான் சார்” என்றாள். “எனக்கே அப்போ உள்ளுக்குள்ள ஒரு சந்தேகம் இருந்துச்சு. நீங்க அப்படிச் சொன்னதும் போயிடுச்சு.”