3000 ஹெர்ட்ஸைத் தேடி ஏழு மாதம்

மேற்கத்திய செவ்வியல் பாணியில் பாரிடோன் குரலில் பாடப் பழகுகிறேன். பிப்ரவரியில் வீட்டு ஹாலில் ஒரு சோதனை செய்தேன். ஸ்பீக்கரில் ஆர்கெஸ்ட்ரா இசையை ஓடவிட்டு, அதன் பக்கத்தில் நின்று பாடினேன். ஹாலின் மறுகோடியில் இருந்த தங்கை, "வாய் அசையுது அண்ணா, சத்தம் மட்டும் உள்ளேயே நின்னுடுது" என்றாள். இன்னும் பலமாகப் பாடிப் பார்த்தேன். இரண்டே நாளில் தொண்டை கட்டிக்கொண்டது.

பலத்தால் ஆகாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. முழு ஆர்கெஸ்ட்ராவின் ஒலிச்சக்தி சுமார் 500 ஹெர்ட்ஸில் உச்சத்தில் இருக்கும். அதற்கு மேலே போகப் போகச் சரிந்துவிடும். 3000 ஹெர்ட்ஸ் பக்கம் வந்தால் இடம் கிட்டத்தட்டக் காலி. ஸ்டாக்ஹோமில் யோஹான் சுண்ட்பெர்க் 1970களில் ஓப்பரா பாடகர்களின் ஒலியை ஆராய்ந்தபோது, சரியாக அந்தக் காலி இடத்தில் அவர்கள் குரலில் ஒரு மேடு இருப்பதைக் காட்டினார். யூஸி பியோர்லிங்கின் பதிவும் அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று. தொண்டையும் வாயும் சேர்ந்த குழாய் இயல்பாக ஒத்ததிரும் அலைவரிசைகளை ஃபார்மன்ட் என்பார்கள். இந்த மேட்டைத்தான் பாடகர் ஃபார்மன்ட் என்கிறார்கள். நம் காதும் அந்தப் பகுதியில்தான் மிகக் கூர்மையாகக் கேட்கும்.

மேடு வருவது தொண்டையின் வடிவத்தால். குரல் நாண்களுக்குச் சற்று மேலே சுமார் 3 செ.மீ. நீளத்தில் ஒரு குறுகிய குழாய் இருக்கிறது. அதன் வாயைவிடத் தொண்டையின் குறுக்குப் பரப்பு ஆறு மடங்காவது அகலமாக இருந்தால், அந்தக் குழாய் தனியொரு குட்டி ஊதல்போல 3000 ஹெர்ட்ஸ் அருகே ஒலிக்கத் தொடங்குகிறது. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது ஃபார்மன்ட்கள் ஒன்றையொன்று நெருங்கிக் குவிகின்றன. குரல்வளை தாழ்ந்தால் தொண்டையின் அடிப்பகுதி விரியும். அதனால்தான் ஆசிரியர்கள் கொட்டாவியின் தொடக்கத்தை நினைக்கச் சொல்கிறார்கள்.

அளப்பதற்கு ப்ராட் மென்பொருள் போதும். 220 ஹெர்ட்ஸ் சுருதியில் 'ஆ' என்று ஐந்து வினாடி பாடிப் பதிவு செய்து, இப்படிக் கேட்டேன்:

```
To Ltas: 100
Get maximum: 0, 2000, "none"
Get maximum: 2000, 4000, "none"
```

இரண்டு உச்சங்களின் வித்தியாசம் குறையக் குறைய, மேடு உயர்கிறது என்று பொருள். பிப்ரவரியில் எனக்கு 27 டெசிபெல். (ஃபோனில் பதிவு செய்தால், சத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதியையும் இரைச்சல் வடிகட்டியையும் அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் எண்களை நம்ப முடியாது.)

மார்ச், ஏப்ரல் முழுக்கத் தவறான வழியில் போனேன். குரல்வளையைத் தாழ்த்துவதாக நினைத்து நாக்கின் அடியை அழுத்திக்கொண்டிருந்தேன். குரல் எனக்குள் கனமாக, பெரிதாகக் கேட்டது. அளந்தால் 29. தாடைக்கு அடியில் கட்டைவிரலை வைத்துப் பார்த்ததும் புரிந்துவிட்டது: அந்த இடம் கல்லாக இறுகியிருந்தது. அது மெத்தென்று இருக்கும்போதே குரல்வளை கீழே இறங்க வேண்டும். மூக்கால் மெதுவாக மூச்சை இழுத்து, அது தானாக இறங்கிய இடத்திலிருந்தே பாடத் தொடங்குவது எனக்கு உதவியது. மே கடைசியில் 21.

அடுத்த சிக்கல் 'ஈ'. அதைப் பேசுவதுபோல உதட்டை இழுத்துப் பாடினால் குரல்வளை மேலேறிவிடுகிறது. ஒலி மெலிந்து கீச்சென்று ஆகிறது. நாக்கை 'ஈ'யிலேயே வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் 'ஊ' பக்கமாகக் கொஞ்சம் குவித்தேன். ஃபிரெஞ்சுக்காரர்களின் 'யு' மாதிரி ஒன்று வருகிறது. பக்கத்தில் நின்று கேட்டால் இது சுத்தமான 'ஈ' இல்லைதான். ஹாலின் மறுகோடியில் 'ஈ'யாகவே கேட்கிறது. நான் மிகவும் ரசித்த கட்டம் இது. ஒரு வாரம் 'ஈ'யிலிருந்து 'ஆ'வுக்கு நழுவி நழுவிப் பாடினேன். உயிரெழுத்து மாறும்போது வாயின் முன்பகுதி மட்டும் மாற வேண்டும், தொண்டையின் அடி அப்படியே நிற்க வேண்டும்.

அந்தப் பயிற்சிக்குப் பிறகு 'ஆ' 16க்கு வந்தது, 'ஈ' 14க்கு. பாடும் சுருதியின் மடங்குகள் ஒவ்வொன்றும் ஒலியின் அலைவரிசைப் படத்தில் ஒரு கோடாகத் தெரியும். 220இன் பன்னிரண்டாவது மடங்கான 2640 ஹெர்ட்ஸ் கோடு அதில் தனியாக எழுந்து நிற்கிறது. பாரிடோனுக்கு மேடு பெரும்பாலும் அந்த இடத்தை ஒட்டித்தான் வரும். டெனாருக்குச் சற்று மேலே.

தங்கையும் என்னோடு பழகத் தொடங்கியிருக்கிறாள். அவள் சோப்ரானோ, இந்த வழி அவளுக்குப் பொருந்தாது. உச்ச சுருதிகளில் அவள் குரலின் கோடுகள் ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் விழுகின்றன, மேட்டுக்குள் ஒன்றுகூட விழாமல் போகலாம். சோப்ரானோக்கள் தாடையை நன்றாகத் திறந்து முதல் ஃபார்மன்ட்டைச் சுருதிக்கே உயர்த்திக்கொள்கிறார்கள். மேல் சுருதியில் அவர்கள் பாடும் உயிரெழுத்துகள் எல்லாம் 'ஆ' போலக் கேட்பது அதனால்தான்.

ஆகஸ்ட் கடைசியில், அதே இசை, அதே ஒலி அளவில் மறுபடி பாடினேன். ஃபோனின் டெசிபெல் மீட்டரில் என் குரல் பிப்ரவரியைவிட 1 டெசிபெல்தான் அதிகம். மறுகோடியிலிருந்து தங்கை ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொன்னாள். 'ஊ' வந்த இரண்டு சொற்களை மட்டும் விட்டுவிட்டாள். அந்த எழுத்தில் வித்தியாசம் இன்னும் 25இலேயே நிற்கிறது. உதட்டைக் கொஞ்சம் தளர்த்தி 'ஓ' பக்கம் நகர்த்திப் பார்க்கிறேன்.